மாடிப் பூச்சு தொடங்கும் முன்: பொள்ளலும் சுருக்க விரிசலும் மீண்டும் வராமலிருக்க என்ன செய்யலாம்?

உடுமலை_வீடு:

வணக்கம். உடுமலைப்பேட்டைக்கு அருகே வீடு கட்டி வருகிறோம். தூண்களும் பீம்களும் கான்கிரீட். இடையிலுள்ள சுவர்கள் ஒன்பது அங்குல ஃபிளை ஆஷ் கல். தரைத்தளத்தின் உட்பூச்சு ஆனி மாதத்தில் நடந்தது. இப்போது பார்த்தால் மூன்று வகையான குறைகள் தெரிகின்றன. கூடத்தின் மேற்குச் சுவரில், தூணை ஒட்டியும் பீமுக்குக் கீழேயும் கட்டையால் தட்டும்போது பொள்ளலாக ஒலிக்கிறது. படுக்கையறைச் சுவரில் சிலந்தி வலை போல மெல்லிய விரிசல்கள் பரவியிருக்கின்றன. பீமும் கல் கட்டும் சேரும் இடத்தில் படுக்கை வாட்டில் ஒரு நேர்க்கோட்டு விரிசல் ஓடுகிறது.

சிமெண்ட் போதவில்லை என்பதே காரணம் என்றும், மாடியில் ஒன்றுக்கு மூன்று கலவை போட்டால் எதுவும் வராது என்றும் மேஸ்திரி சொல்கிறார். தரைத்தளத்தில் ஒன்றுக்கு ஐந்து என்று பேசித்தான் வேலை நடந்தது. மாடியில் பூச்சு இன்னும் தொடங்கவில்லை. சில சுவர்களில் பீமுக்கு அடியிலுள்ள கடைசி வரிசைக் கல்லும் வைக்கப்படவில்லை. எந்த விகிதம், எவ்வளவு கனம், சுவரை எப்படித் தயார் செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

சேலம்_கட்டுமானம்:

மேஸ்திரி சொல்வதில் பாதி சரி என்பேன். ஒன்றுக்கு மூன்று தேவையில்லை; ஒன்றுக்கு நான்கு போதும். உண்மையான குற்றவாளி மணல்தான். ஆற்று மணல் கிடைத்த காலத்தில் இவ்வளவு விரிசல் கிடையாது. பி-சாண்ட் என்ற பெயரில் கிரஷர் தூளை ஏற்றி அனுப்புகிறார்கள்; அந்த மாவு தண்ணீரைக் குடித்துவிட்டுக் காயும்போது வெடிக்கிறது. பொள்ளலுக்கு என் வழி எளிமையானது: கான்கிரீட்டோ கல்லோ, சுவர் முழுவதும் சிமெண்ட் பால் அடித்துவிட்டுப் பூசச் சொல்லுங்கள். எங்கள் வேலைகளில் அதைக் கட்டாயமாக வைத்திருக்கிறோம்.

தூக்குக்குண்டு:

பல ஆண்டுகள் கட்டட மேற்பார்வையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் கூறிய மூன்று குறைகளுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்க வாய்ப்பு அதிகம். மூன்றையும் சிமெண்டைக் கூட்டிச் சரிசெய்ய முனைந்தால் இரண்டாவது குறை நிச்சயமாக அதிகரிக்கும். சிமெண்ட் கூடக் கூடக் கலவை அதிகமாகச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தைக் கல் தடுக்கும்போதுதான் விரிசல் விழுகிறது.

விகிதம் பற்றிப் பேசுவதற்கு முன் இரண்டு வேலைகளைச் செய்து பாருங்கள். முதலாவதாக, பொள்ளலாக ஒலிக்கும் இடங்களில் தூணை ஒட்டி ஒன்றும் சுவரின் நடுவே ஒன்றுமாக உளியால் மெல்லத் தட்டி, பூச்சுத் துண்டைச் சிதறாமல் பெயர்த்தெடுங்கள். அந்தத் துண்டின் முதுகுப் பக்கத்தில் என்ன ஒட்டியிருக்கிறது, அது எவ்வளவு கனம், குறுக்கு வெட்டில் எத்தனை அடுக்கு தெரிகிறது என்று பாருங்கள். இரண்டாவதாக, மாடியில் அதே மேற்குச் சுவருக்குத் தூக்குக்குண்டு விட்டு, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு நூல் கட்டி, நூலுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பல இடங்களில் அளந்து எழுதுங்கள். பூச்சின் கனம் சுவர் கட்டும்போதே முடிவாகிவிடுகிறது. பூசும்போது நாம் அதைக் கண்டுபிடிக்க மட்டுமே முடியும்.

நல்லூர்_வாசகன்:

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டிலும் இதே சுருக்க விரிசல்தான் என்று நினைக்கிறேன். சீமெந்துக் கல்லால் கட்டிய சுவர். பூசி முடித்துச் சில மாதங்களில் படிக்கட்டு இறங்குவது போல விரிசல் விழுந்தது. விரிசலை வெட்டி மேசன் இரண்டு முறை பூசிவிட்டார். இரண்டு முறையும் அதே இடத்தில் திரும்பியும் வந்துவிட்டது. எங்களுக்கும் கலவை விகிதத்தை மாற்றினால் சரிவருமா?

தூக்குக்குண்டு:

நல்லூர் நண்பருக்கு: உங்களுடையது பூச்சு விரிசல் அன்று. கல் இணைப்புகளைப் பின்பற்றிப் படிபோல இறங்கும் விரிசல் சுவரின் உள்ளிருந்து வருகிறது. பூச்சு அதை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். வார்த்துச் சில நாட்களே ஆன சீமெந்துக் கல்லை ஈரத்துடன் கட்டிவிட்டால், அது சுவரில் இருந்தபடியே உலர்ந்து சுருங்கும். வார்த்த கல்லை நீரூற்றிப் பதப்படுத்தி, பிறகு நிழலில் உலரவிட்டு, மொத்தத்தில் 28 நாட்கள் கழித்துக் கட்டுவதன் காரணம் அதுவே. ஆனால் விரிசல் ஒரு முனையில் அகன்று மறு முனையில் ஒடுங்கியிருந்தாலோ, தொடர்ந்து நீண்டுகொண்டே போனாலோ அத்திவாரத்தின் இறக்கம் காரணமாக இருக்கலாம்; அதற்குப் பொறியியலாளர் நேரில் பார்க்க வேண்டும். விரிசலுக்குக் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டை இரு முனைகளிலும் ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். அது உடைந்தால் அசைவு நிற்கவில்லை என்று பொருள். அசைவு நிற்கும் வரை எந்த விகிதத்தில் பூசினாலும் திரும்பத்தான் வரும்.

உடுமலை_வீடு:

இரண்டு இடத்திலும் பெயர்த்துப் பார்த்தோம். தூணை ஒட்டிய துண்டின் முதுகு கண்ணாடி போல வழவழப்பாக இருந்தது. தூணிலும் கொத்திய அடையாளம் எதுவும் இல்லை, பலகை வைத்து வார்த்த பளபளப்பு அப்படியே இருந்தது. சுவர் நடுவிலிருந்து எடுத்த துண்டு ஒன்றரை அங்குலக் கனம், ஒரே அடுக்கு. அதன் முதுகில் வெள்ளையான மெல்லிய பொடி போன்ற படலம் இருந்தது. விரலால் தேய்த்தால் உதிர்ந்தது. கல்லின் மீதும் அதே பொடி இருந்தது.

மாடியின் மேற்குச் சுவர் 14 அடி நீளம், 10 அடி உயரம். நூல் கட்டி அளந்ததில் தூண்களின் முகத்தில் 12 மில்லிமீட்டர், சுவரின் நடுப்பகுதியில் 38 மில்லிமீட்டர் வரை இடைவெளி வருகிறது. தூண் முன்தள்ளி இருப்பதால் அதற்கு ஏற்ப நடுவை நிரப்பியே ஆக வேண்டும் என்கிறார் மேஸ்திரி.

தூக்குக்குண்டு:

நீங்கள் பெயர்த்த இரண்டு துண்டுகளுமே போதுமான விவரத்தைச் சொல்லிவிட்டன.

தூண் பக்கத்துத் துண்டின் வழவழப்புக்குக் காரணம், பலகையில் தடவிய எண்ணெயும் கொத்தாமல் விட்ட கான்கிரீட் முகமும் ஆகும். கலவை பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. சேலம் நண்பர் சொல்லும் சிமெண்ட் பாலை எண்ணெய்ப் படலத்தின் மீது அடித்தால் பாலும் ஒட்டாது. முதலில் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு விரல்கடை தூரத்துக்கு ஒன்றாகச் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு நெருக்கமாகக் கொத்த வேண்டும். பலகை பிரித்த ஓரிரு நாளில் கொத்தினால் கை வலிக்காது. இப்போது முற்றிய கான்கிரீட்டில் நேரம் பிடிக்கும் என்பதால்தான், இதற்குத் தனிக் கூலி பேசாவிட்டால், ஆங்காங்கே நான்கு கொத்துடன் வேலை முடிந்துவிடுகிறது.

சுவர் நடுவில் கிடைத்த வெள்ளைப் பொடி, பூசுவதற்கு முன்பே காய்ந்துவிட்ட சிமெண்ட் பால். இதைத்தான் சேலம் நண்பர் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் கலவை விழுந்தால் சிமெண்ட் பால் பசையாகிறது. முழுச் சுவருக்கும் காலையிலேயே அடித்துவிட்டுப் பகல் முழுவதும் பூசினால், காய்ந்து சுவருக்கும் பூச்சுக்கும் நடுவே பிரிக்கும் தூளாகிவிடுகிறது. உடுமலையில் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மேலைக் காற்றில் அது காய அதிக நேரம் ஆகாது. ஆகவே கான்கிரீட் முகத்தில் மட்டும், அதுவும் அடுத்த சில நிமிடங்களில் பூசப்போகும் அளவுக்கு மட்டும் பால் அடிப்பதே சரி. கல் சுவருக்கு அது தேவையில்லை; அளவான ஈரம் போதும்.

அளவான ஈரம் என்பதை இப்படிச் சோதிக்கலாம். கையால் தண்ணீர் தெளியுங்கள். தெளித்த கணமே உறிஞ்சி மறைந்தால் கல் இன்னும் தாகத்தில் இருக்கிறது; கலவையிலுள்ள நீரையும் அதுவே எடுத்துக்கொண்டு, ஒட்டும் இடத்தில் சிமெண்ட் இறுகாமல் செய்துவிடும். சுவரில் நீர் மினுங்கி வழிந்தால் அதுவும் கூடாது; பூச்சு வழுக்கிக்கொண்டு இறங்கும். முதல் நாள் மாலை நன்றாக நனைத்து, பூசுவதற்குச் சற்று முன் மீண்டும் லேசாகத் தெளித்தால், ஈரம் நிறத்தில் தெரியும், கையில் ஒட்டாது. அந்த நிலைதான் வேண்டும். ஃபிளை ஆஷ் கல் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் வேறு வேறு அளவில் உறிஞ்சுவதால், உங்கள் சுவரில் ஒரு சதுர கெஜத்தில் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இனிக் கனம். நம் நாட்டுச் சிமெண்ட் பூச்சு வேலைக்கான ஐ.எஸ். 1661 என்ற தரவிதியும் சரி, தள அனுபவமும் சரி, ஒரே அடுக்காகப் பூசுவதற்கு 15 மில்லிமீட்டரை எல்லையாகக் கொள்கின்றன. கல்லின் நேரான முகத்துக்கு 12, கரடான முகத்துக்கு 15 என்பது வழக்கம். நீங்கள் 38 வரை போக வேண்டியிருக்கிறது. பூச்சின் எடை ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் சுமார் 2 கிலோ. அப்படியானால் அந்த நடுப்பகுதியில் சதுர மீட்டருக்கு 75 கிலோவுக்கு மேல் ஈரக் கலவை ஒரே நாளில் தொங்குகிறது. இறுகுவதற்கு முன்பே தன் எடையால் சற்றே கீழிறங்கிச் சுவரிலிருந்து பிரிந்துகொள்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, தட்டும்போதுதான் தெரியும்.

சாந்துக்_கரண்டி:

நான் கொத்தனார், கோவைப் பக்கம் வேலை செய்கிறேன். ஐயா சொல்வதெல்லாம் எங்களுக்கும் தெரிந்ததே. ஆனால் இரண்டு அடுக்காகப் பூசினால் சாரம் இரண்டு தடவை கட்ட வேண்டும், அதே சுவருக்கு இரண்டு நாள் கூலி ஆகும். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும்போது கனத்தைப் பற்றி வீட்டுக்காரர் யாரும் பேசுவதில்லை. தூண் முன்தள்ளி வார்த்தது சென்டரிங் ஆள். சுவரை உள்வாங்கிக் கட்டியது வேறு கொத்தனார். அந்தக் குறை கடைசியில் பூசுகிறவன் தலையில் விழுகிறது.

சிலந்தி வலை விரிசலைப் பற்றி நானே சொல்கிறேன், ஏனென்றால் அதை யாரும் கேட்கவில்லை. மாலைக்குள் தேய்த்து முடிக்க வேண்டும் என்றால், ஈரமாக இருக்கும் பூச்சின் மேல் சிமெண்டைத் தூவித் தேய்ப்பார்கள். தூவிய சிமெண்ட் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், உடனே வழவழப்பாகவும் வரும், வீட்டுக்காரருக்கும் பிடிக்கும். மறுநாளே மேல் தோல் மட்டும் வெடித்துவிடும். உங்கள் படுக்கையறையில் விரிசல் ஆழமாக இருக்கிறதா, தோல் அளவில் இருக்கிறதா என்று ஆணியால் கீறிப் பாருங்கள். தோல் அளவில் இருந்தால் தூவியதுதான் காரணம். பூச்சுத் தானாக நீர் விடும் வரை பொறுத்திருந்து, மணியாஸ் கட்டையால் மட்டும் தேய்த்தால் போதும். எப்படியும் மேலே பட்டி பார்க்கத்தானே போகிறார்கள்? இரும்புக் கரண்டியால் இழைக்கவே வேண்டாம்.

சேலம்_கட்டுமானம்:

சிமெண்ட் பால் காயக்கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஆட்கள் பிரித்துப் பிரித்துத்தான் அடிப்பார்கள் என்பதால் எங்களுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை போலும். ஆனால் மணல் விஷயத்தை யாரும் தொடவில்லையே.

தூக்குக்குண்டு:

கொத்தனார் தம்பி சொன்ன சிமெண்ட் தூவல் விளக்கம் முற்றிலும் சரி. மெல்லிய மேல் தோலில் மட்டும் சிமெண்ட் மிகுந்தால், அது கீழுள்ள பூச்சைவிட அதிகமாகச் சுருங்கி வலைபோல் பிளக்கிறது. ஒன்றுக்கு மூன்று கலவையைச் சுவர் முழுவதும் பூசினால் இதே விளைவு முழுக் கனத்துக்கும் வரும்.

மணல் பற்றிச் சேலம் நண்பர் சொன்னதில் உண்மை இருக்கிறது. செயற்கை மணல் என்பதே குற்றமில்லை. அதிலுள்ள கல்மாவின் அளவே கேள்வி. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதியளவு மணலும் மேலே நீரும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் குலுக்கி, சில மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மணலின் மேல் தனியாகப் படியும் மாவு அடுக்கு, மணல் உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் அந்த லோடைத் திருப்பி அனுப்புவேன். அவ்வளவு மாவு இருந்தால் கலவை இளக அதிக நீர் கேட்கும். அந்த நீர் ஆவியாகும்போது பூச்சுச் சுருங்கும். கான்கிரீட்டுக்கு வந்த எம்-சாண்டைச் சலித்துப் பூச்சுக்குப் பயன்படுத்தலாம் என்பவர்களும் உண்டு. பருமனைச் சல்லடை நீக்கும், மாவை நீக்காது.

விகிதத்தைப் பொறுத்தவரை உட்பூச்சுக்கு ஒன்றுக்கு ஐந்து சரியானது. கடைசி அடுக்கு ஒன்றுக்கு ஆறாகவும் இருக்கலாம். மேல் அடுக்கு கீழ் அடுக்கைவிட வலுவாக இருக்கக் கூடாது என்பதே முக்கியம். வலுவான மேல் அடுக்குச் சுருங்கும்போது வலுவற்ற கீழ் அடுக்கைப் பிடுங்கிக்கொண்டு வரும். விகிதத்தை வாயால் பேசினால் போதாது, அளக்கவும் வேண்டும். ஒரு மூட்டைச் சிமெண்ட் ஏறக்குறைய 35 லிட்டர். உள்ளளவு 40, 35, 25 சென்டிமீட்டர் கொண்ட பலகைப் பெட்டி ஒன்றைத் தச்சரிடம் செய்யச் சொல்லுங்கள். அது சரியாக அந்தக் கொள்ளளவு. மூட்டைக்கு ஐந்து பெட்டி மணல், மேலே பலகையால் வழித்து மட்டமாக. சாந்துச் சட்டியில் அள்ளினால் குவித்து அள்ளியதும் மட்டமாக அள்ளியதும் மாறிமாறி வந்து, ஒரே சுவரில் அடுத்தடுத்த கலவைகள் வேறு வேறாகிவிடும். மணல் ஈரமாக இருந்தால் உப்பியும் நிற்கும். அப்போது ஐந்து பெட்டியில் உண்மையான மணல் குறைவாகவே இருக்கும்.

உங்கள் மேற்குச் சுவரையே கணக்கிடுவோம். 140 சதுர அடி என்பது 13 சதுர மீட்டர். 12 மில்லிமீட்டர் கனத்தில் பூசினால் ஒன்றுக்கு ஐந்தில் ஏறக்குறைய ஒரு மூட்டை பிடிக்கும். நீங்கள் சொன்ன அளவுகளின்படி சராசரிக் கனம் 25 என்று வைத்தால் இரண்டு மூட்டை பிடிக்கும். ஆகவே இந்தச் சுவருக்கு மூட்டைக் கணக்கைப் பார்த்தே, கனம் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வேலை வரிசை இப்படி இருக்கட்டும். நடுவிலுள்ள பள்ளத்தை மட்டும் முதலில் 13 மில்லிமீட்டருக்கு மிகாமல் பூசி, இறுகும் முன் கரண்டி முனையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டு, ஓரிரு நாள் நீர் தெளித்து, பிறகு சில நாட்கள் உலரவிடுங்கள். அது தன் சுருக்கத்தில் பெரும்பகுதியை அப்போதே முடித்துக்கொள்ளும். மீண்டும் நனைத்து, அதே வகையில் இரண்டாம் அடுக்கு. கடைசி 12 மில்லிமீட்டரைத் தூண் முகம் முதல் தூண் முகம் வரை ஒரே வேலையாகப் பூசுங்கள். மேற்கு ஜன்னல்களுக்குக் கதவு இல்லையென்றால் சாக்கோ தார்ப்பாயோ கட்டிக் காற்றை மறையுங்கள். மறுநாள் முதல் குறைந்தது ஏழு நாள் நீராற்ற வேண்டும். காலையும் மாலையும் மட்டும் என்றில்லாமல், சுவர் வெளுக்கும்போதெல்லாம் தெளிக்க வேண்டும்.

உடுமலை_வீடு:

மிக்க நன்றி ஐயா. பீமுக்குக் கீழே ஓடும் நேர்க்கோட்டு விரிசலைப் பற்றியும் சொல்லுங்கள். மேஸ்திரி கோழிவலை அடித்தால் போதும் என்கிறார்.

தூக்குக்குண்டு:

கான்கிரீட்டும் கல் கட்டும் வெப்பத்திலும் உலர்தலிலும் ஒரே அளவில் அசைவதில்லை. அந்தக் கோடு அதன் விளைவு. வலை உதவும், ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கடைசி வரிசைக் கல் வைக்கப்படாத சுவர்களில் இப்போது அவசரப்படாதீர்கள். கீழேயுள்ள கட்டு உலர்ந்து தணிய ஒரு வாரமாவது விட்டு, அதன் பிறகு கல்லை வைத்து, பீமுக்கு அடியிலுள்ள இடுக்கைக் கெட்டியான கலவையால் இறுக அடையுங்கள். வலையை இணைப்பின் இரு பக்கமும் 15 சென்டிமீட்டர் வரும்படி இழுத்துக் கட்டி, சுவரோடு ஒட்டிப் படுக்காமல் பூச்சின் நடுவில் வருமாறு சிறு இடைவெளியுடன் நிறுத்துங்கள். தொய்வாக ஆணியடித்த வலைக்குப் பின்னால் கலவை புகாது. அதுவே புதிய பொள்ளலாகிவிடும்.

சாந்துக்_கரண்டி:

கோழிவலை துருப்பிடித்துப் பட்டியில் பழுப்புக் கோடாக வருவதைப் பார்த்திருக்கிறேன். நான் இப்போது ஃபைபர் வலைதான் கேட்கிறேன். பூச்சின் பாதிக் கனம் ஏறியதும் அதை அழுத்திவிட்டு மீதியைப் பூசலாம், ஆணியும் குறைவு.

தூக்குக்குண்டு:

நாகப்பூச்சு நன்றாக உள்ள கோழிவலை உட்சுவரில் துருப்பிடித்து நான் கண்டதில்லை. ஃபைபர் வலையிலும் சிமெண்டின் காரத்தைத் தாங்காத மலிவு வகைகள் விற்கின்றன. அவை நாளடைவில் வலுவிழக்கும். இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம் போலிருக்கிறது.

உடுமலை_வீடு:

கடைசியாக ஒன்று: தரைத்தளத்தில் ஏற்கெனவே பொள்ளலாக உள்ள இடங்களை எல்லாம் உடைத்துவிட்டு மீண்டும் பூச வேண்டுமா?

சேலம்_கட்டுமானம்:

எல்லாவற்றையும் உடையுங்கள். பின்னால் அலமாரி மாட்ட ஆணி அடிக்கும்போது அங்கேதான் பெயர்ந்து விழும்.

தூக்குக்குண்டு:

தூண் பக்கத்தையும், ஒன்றரை அங்குலக் கனமுள்ள நடுப்பகுதியையும் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அவ்வளவு எடை ஒட்டாமல் நிற்பது பாதுகாப்பன்று. ஆனால் உள்ளங்கை அளவில், விரிசல் இல்லாமல், அழுத்தினால் அசையாமல் இருக்கும் திட்டுகளை நான் தொட மாட்டேன். உடைக்கும் அதிர்ச்சியில் சுற்றியுள்ள நல்ல பூச்சும் பிரிந்து, திட்டு பெரிதாகிவிடும். எடுக்கும் இடங்களை முதலில் கட்டர் மெஷினால் சதுரமாக அறுத்துவிட்டு, அந்தக் கோட்டுக்குள் மட்டும் உளி வைக்கச் சொல்லுங்கள்.

சாந்துக்_கரண்டி:

அறுக்கும்போது உள்ளே ஒயரிங் குழாய் எங்கே போகிறது என்று எலக்ட்ரீஷியனிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மாடி வேலைக்குக் கொத்தும் கூலியையும், 15 மில்லிமீட்டருக்கு மேல் வரும் ஒவ்வொரு அடுக்கின் கூலியையும் மேஸ்திரியிடம் தனியாகப் பேசி எழுதி வையுங்கள். அதைப் பேசாமல் தொடங்கினால், ஐயா சொன்ன மூன்று அடுக்கும் உங்கள் மாடியில் ஒரே அடுக்காகத்தான் ஏறும்.